ஆறு கிண்ணம் என்பது எத்தனை கிராம்? ஒரு விடுதிச் சமையலறையின் டிகாக்ஷன் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் வேலைக்குச் செல்லும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியின் சமையலறைக் கணக்கையும் கிடங்கையும் நான் பார்த்து வருகிறேன். காலையில் காபி குடிப்பவர்கள் 32 பேர். ஆறே கால் மணிக்குக் காபி கொடுக்கத் தொடங்கினால் எட்டு மணி வரை ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். டிகாக்ஷன் இறக்குவதற்கு ஒரு பெரிய எவர்சில்வர் ஃபில்டர் உள்ளது. அதன் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, அழுத்தித் தட்டை வைத்து, கொதித்த நீரை ஊற்றி மூடிவிட்டால் கீழ்ப் பாத்திரத்தில் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஒரு டம்ளருக்கு 30 மில்லி டிகாக்ஷன், 90 மில்லி பால் என்பது விடுதி தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் கணக்கு.

காபி போடும் பொறுப்பு இருவருடையது. ஒருவர் பதினைந்து ஆண்டுகளாகச் சமையல் வேலை செய்யும் மூத்தவர். மற்றவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதங்களே ஆன இளையவர். இருவரும் வாரம் மாற்றி வாரம் காலைப் பொறுப்பை ஏற்பார்கள். தூள் டப்பாவுக்குள் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணம் எப்போதும் கிடக்கும். அலமாரிக் கதவின் உட்புறத்தில் எனக்கு முன்பு இந்த வேலையைப் பார்த்தவர் ஒட்டிய சீட்டு இருந்தது: “தூள் 6 கிண்ணம், தண்ணீர் கழுத்து வரை.” இருவரும் இந்தச் சீட்டின்படிதான் செய்தார்கள். இருவரும் ஒரு நாளும் அதை மீறவில்லை என்பது இந்த நிகழ்வைப் புரிந்துகொள்வதற்கு முக்கியமானது.

முறையீடுகளும் முதலில் எடுத்த தவறான முடிவும்

உணவுக்கூடத்தில் வைத்திருக்கும் குறிப்பேட்டில் ஜூன் மாதம் காபியைப் பற்றிய வரிகள் கூடிக்கொண்டே போயின. “கசக்கிறது” என்று சிலரும் “கழுநீர் மாதிரி இருக்கிறது” என்று சிலரும் எழுதியிருந்தார்கள். ஒரே நாளில் இரண்டு விதமாகவும் எழுதப்பட்டிருந்ததால், இது அவரவர் நாக்கைப் பொறுத்த விஷயம் என்று நான் முதலில் ஒதுக்கிவிட்டேன். பிறகு ஒரே பெண் ஒரு வாரம் கசப்பு என்றும் அடுத்த வாரம் தண்ணீர் என்றும் எழுதியதைப் பார்த்தபோதுதான் குறை காபியில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

தூள்தான் காரணம் என்று முடிவு செய்தேன். அதுவரை 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரி கலந்த தூள் வாங்கிக்கொண்டிருந்தோம். டிகாக்ஷன் கெட்டியாக இருக்க வேண்டும் என்று எண்ணி அதை 70-க்கு 30 ஆக மாற்றினேன். சிக்கரியில் உள்ளவற்றின் பெரும்பகுதி நீரில் கரைந்து இறங்கிவிடும். காபியிலிருந்து எவ்வளவு முயன்றாலும் அதன் எடையில் 30 சதவீத அளவுக்குத்தான் இறங்கும். ஆகவே சிக்கரி கூடியதும் டிகாக்ஷன் கறுப்பாகவும் கொழகொழப்பாகவும் வந்தது. பார்ப்பதற்கு நன்றாக இருந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இரண்டு நாள் நம்பினேன். மூன்றாம் நாள் குறிப்பேட்டில், “நிறம் இருக்கிறது, காபி இல்லை” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைவிட நல்ல மதிப்பீட்டை நான் எழுதியிருக்க முடியாது. நீர்த்துப்போன டிகாக்ஷனையும் சிக்கரி கறுப்பாகக் காட்டும் என்பதால், நிறத்தைப் பார்த்து டிகாக்ஷனை எடைபோடும் பழக்கம் எங்களை ஏமாற்றிவிட்டது. போதாக்குறைக்குச் சிக்கரி நீரை உறிஞ்சிப் பருத்து ஃபில்டரின் துளைகளை அடைத்ததால் டிகாக்ஷன் இறங்குவதும் தாமதமானது.

அடுத்த கொள்முதலில் 80-க்கு 20 தூளுக்கே திரும்பினேன். அதன் பிறகு குறிப்பேட்டை மறுபடி எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அது எந்த வாரம் எழுதப்பட்டது, எழுதியவர் எத்தனை மணிக்குக் காபி குடிப்பவர் என்று குறித்தேன். அப்போது ஓர் ஒழுங்கு தெரிந்தது. மூத்தவரின் வாரங்களில் சீக்கிரம் வருபவர்கள் கசப்பு என்றார்கள், ஏழரைக்கு மேல் வருபவர்கள் தண்ணீர் என்றார்கள். இளையவரின் வாரங்களில் எல்லோருமே தண்ணீர் என்றார்கள். தூள் காரணமாக இருந்தால் குறை வாரத்துக்கு வாரமும் மணிக்கு மணியும் மாறாது.

தூளை நிறுத்துப் பார்த்தது

சமையலறையில் இனிப்பு செய்வதற்காக வாங்கிய டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தது. 5 கிலோ வரை தாங்கும், 1 கிராம் வரை காட்டும். இரவில் தூள் டப்பாவை நிறுத்து எழுதிக்கொண்டேன். காலையில் காபி முடிந்த பிறகு மறுபடி நிறுத்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குப் போட்ட தூள். இருவரிடமும் சொல்லாமல் பத்து நாள், ஒவ்வொருவர் வாரத்திலும் ஐந்து நாளாக, இப்படிச் செய்தேன். சொல்லாமல் செய்தது பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

மூத்தவர் போட்ட தூள் 214 கிராமிலிருந்து 231 கிராம் வரை இருந்தது. இளையவர் போட்டது 163 கிராமிலிருந்து 174 கிராம் வரை. இருவரும் போட்டது 6 கிண்ணம்தான்.

அதே கிண்ணத்தைத் தராசில் வைத்து, வெற்றுக் கிண்ணத்தின் எடையை டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டு, பல விதமாக நிரப்பிப் பார்த்தேன். டப்பாவிலிருந்து அள்ளிக் கத்தியின் முதுகால் தலைதட்டியபோது 28 கிராம் காட்டியது. கோபுரமாக அள்ளியபோது 37. கிண்ணத்தை மேசையில் நான்கு முறை தட்டித் தூளை அமரவைத்து மேலே நிரப்பித் தலைதட்டியபோது 32. புதிதாக உடைத்த பாக்கெட்டிலிருந்து அப்படியே கொட்டித் தலைதட்டியபோது 27. தூள் துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றையும் சேர்த்துத்தான் கிண்ணம் அளக்கிறது. அந்தக் காற்று கூடுவதும் குறைவதும் அள்ளும் கை, டப்பா குலுங்கிய விதம், டப்பாவின் மேல் பகுதியா அடிப்பகுதியா என்பதையெல்லாம் பொறுத்தது. மூத்தவர் கோபுரமாக அள்ளினார், ஆறுக்கு 222 கிராம். இளையவர் தலைதட்டினார், ஆறுக்கு 168. பத்து நாள் கணக்கும் இதோடு பொருந்தியது.

நீரை நிறுத்துப் பார்த்தது

தூளின் வித்தியாசம் மட்டும் காரணம் என்றால் மூத்தவரின் வாரத்தில் கடைசியில் வருபவர்களுக்கு ஏன் நீர்த்த காபி கிடைக்கிறது என்பது விளங்கவில்லை. அதனால் இம்முறை இருவரிடமும் சொல்லிவிட்டு, ஒவ்வொருவருடைய நாளிலும் அருகில் நின்று, கொதித்த நீர் இருந்த பாத்திரத்தை ஊற்றுவதற்கு முன்பும் பின்பும் நிறுத்தேன். இறங்கிய டிகாக்ஷனையும் நிறுத்தேன்.

இளையவரின் நாளில் தூள் 168 கிராம், நீர் 1,440 கிராம். மூத்தவரின் நாளில் தூள் 228 கிராம், நீர் 1,330 கிராம். “கழுத்து வரை” என்ற அடையாளம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் மேல் பாத்திரத்தில் தூள் கூடுதலாக இருந்தால் அது அடைத்துக்கொள்ளும் இடமும் கூடுதல். வெந்நீர் பட்டதும் தூளிலிருந்து வெளியேறும் வாயு நுரையாகப் பொங்கி இன்னும் கொஞ்சம் இடத்தைப் பிடிக்கிறது. மிச்சமிருக்கும் இடத்துக்குத்தான் நீர் போகும். ஆகவே பாத்திரத்தை ஒரே அடையாளம் வரை நிரப்பும் முறையில் தூள் கூடும்போதெல்லாம் நீர் தானாகக் குறைகிறது, தூள் குறையும்போதெல்லாம் நீர் தானாகக் கூடுகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கணக்கு போட்டுப் பார்த்தால் இதன் பலன் தெரியும். நீரின் எடையைத் தூளின் எடையால் வகுத்தால் கிடைப்பதுதான் விகிதம். இளையவரிடம் 1,440-ஐ 168-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.6. மூத்தவரிடம் 1,330-ஐ 228-ஆல் வகுத்தால் 5.8. தூள் மட்டும் பார்த்தால் ஒருவர் மற்றவரைவிட 36 சதவீதம் அதிகம் போட்டிருக்கிறார். விகிதத்தில் பார்த்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட 47 சதவீதம்.

மணிக்கு மணி மாறிய சுவைக்கும் விடை இதிலேயே இருந்தது. ஊற்றிய நீர் முழுவதும் டிகாக்ஷனாக இறங்காது. ஒரு கிராம் தூள் ஏறத்தாழ இரண்டு கிராம் நீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் தூளும் ஃபில்டரும் சேர்ந்து 2.1 கிராம் பிடித்தன. இளையவருக்கு 1,085 கிராம் டிகாக்ஷன் கிடைத்தது. 32 பேருக்குத் தேவை 960 என்பதால் மிச்சமிருக்கும் என்று தெரிந்து அவர் தாராளமாக ஊற்றினார். மூத்தவருக்குக் கிடைத்தது 850 கிராம். 28 டம்ளருக்கு மேல் வராது. இருபது டம்ளர் போனதும் பற்றாது என்று கண்டுகொண்டு, அவர் ஃபில்டரில் இருந்த பழைய தூளின் மேலேயே ஒரு சொம்பு வெந்நீரை ஊற்றி இரண்டாம் டிகாக்ஷன் இறக்கி மிச்சத்தோடு கலந்தார். தூள் அதிகம் போட்டதன் விளைவாகவே கடைசியில் வந்தவர்களுக்குத் தண்ணீர்க் காபி கிடைத்தது என்பதை நிறுத்துப் பார்க்காமல் யாரும் ஊகித்திருக்க மாட்டார்கள். நானும் ஊகிக்கவில்லை.

மூத்தவர் சொன்ன காரணம்

முதல் பத்து நாள் டப்பாவை நிறுத்ததையும் சேர்த்து இருவரிடமும் எண்களைக் காட்டினேன். இளையவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவருக்கு முகம் வாடிவிட்டது. “என்னையச் சந்தேகப்பட்டீங்களா அம்மணி? கேட்டிருந்தா நானே அளந்து காட்டியிருப்பனுங்களே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சற்று நேரம் கழித்து அவரே கோபுரமாக அள்ளுவதற்கான காரணத்தைச் சொன்னார். முன்பு வேறொரு கடையில் தூள் வாங்கினோம். அந்தக் கடையில் கொட்டையை நன்றாகக் கருக வறுப்பார்கள். அந்தத் தூளில் தலைதட்டி ஆறு கிண்ணம் போட்டால் டிகாக்ஷன் கெட்டியாக இறங்காது, கோபுரமாக ஆறு போட்டால்தான் சரியாக வரும். கடையை மாற்றிய பிறகும் அவர் கை பழைய வழக்கத்திலேயே இருந்தது. இளையவர் சேர்ந்தது கடை மாறிய பிறகு. அவருக்குச் சீட்டைத்தான் காட்டினோம். சீட்டில் கோபுரம் என்றோ தலைதட்டி என்றோ இல்லை.

அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க அந்தப் பழைய கடையில் கால் கிலோ வாங்கிவந்தேன். அதே கிண்ணத்தில் தலைதட்டினால் 25 கிராம், கோபுரமாக அள்ளினால் 32. கொட்டையை எவ்வளவு கருக வறுக்கிறோமோ அவ்வளவுக்கு அதன் ஈரமும் எடையும் குறையும், உடல் உப்பும். அரைத்த பிறகும் அந்த உப்பல் போகாது. ஆகவே கரு வறுப்புத் தூள் ஒரே கிண்ணத்தில் குறைவான எடையே கொள்ளும். பழைய தூளில் அவர் கோபுரமாகப் போட்ட ஆறு கிண்ணம் 192 கிராம். அன்றைக்கு அவர் செய்தது சரி. தூள் மாறியதும் அதே கையின் ஆறு கிண்ணம் 222 கிராமாகிவிட்டது. அவர் ஒன்றையும் மாற்றவில்லை. அளவு தானாக மாறிப்போயிருந்தது.

விகிதத்தை முடிவு செய்தது

காபிக்கான விகிதம் என்று தேடினால் பெரும்பாலும் ஒரு லிட்டர் நீருக்கு 55 கிராம், அதாவது 1-க்கு 18 என்ற கணக்கு கிடைக்கும். 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற வேதியியலாளர் காபியின் செறிவையும் தூளிலிருந்து இறங்கும் பங்கையும் ஒரே வரைபடத்தில் வைத்துச் செய்த வேலையிலிருந்து வளர்ந்த அளவு இது. பால் கலக்காமல் அப்படியே குடிக்கும் காபிக்கு அது பொருந்தும். மூன்று பங்கு பால் சேரப்போகும் டிகாக்ஷனை அந்த விகிதத்தில் இறக்கினால் பாலின் நிறம்கூட மாறாது. நம் ஃபில்டருக்கு விகிதத்தை நாமே குடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வீட்டு ஃபில்டரில் சிறிய அளவில் செய்து பார்த்து அதைப் பெருக்கிக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். மூத்தவர் வேண்டாம் என்றார். சிறிய ஃபில்டரில் தூள் மெல்லிய அடுக்காக இருப்பதால் நீர் வேகமாக இறங்கிவிடும், பெரியதில் விரலளவு உயரத்துக்கும் மேல் தூள் நிற்பதால் மெதுவாக இறங்கும், இரண்டும் ஒன்றாகாது என்பது அவர் வாதம். சரியான வாதம். அதனால் பெரிய ஃபில்டரிலேயே, மூத்தவர் கையாலேயே, 200 கிராம் தூளை மாற்றாமல் நீரை மட்டும் மாற்றி மூன்று நாள் இறக்கினோம். 200 என்பதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பழைய தூளில் யாரும் குறை சொல்லாத காலத்து 192 கிராமுக்கு அது அருகில் இருந்ததுதான்.

1,200 கிராம் நீர் ஊற்றிய நாளில், அதாவது 1-க்கு 6-ல், டிகாக்ஷன் நன்றாக இருந்தது, ஆனால் 780 கிராம்தான் கிடைத்தது. 32 பேருக்கு வேண்டுமானால் தூளைக் கூட்ட வேண்டும், மேல் பாத்திரத்தில் இடம் போதாது. 1,600 கிராம் ஊற்றிய நாளில், 1-க்கு 8-ல், டிகாக்ஷன் மிஞ்சியது. ஆனால் சுவை வருவதற்குப் பாலைக் குறைக்க வேண்டியிருந்தது. 1,400 கிராம் ஊற்றியபோது 980 கிராம் டிகாக்ஷன் இறங்கியது. 30 மில்லி வீதம் 32 பேருக்குப் போதுமானது, கீழே கொஞ்சம் மிச்சமும் இருக்கும். மூத்தவர், இளையவர், சீக்கிரம் எழும் மூன்று பெண்கள், நான் என ஆறு பேரும் குடித்துப் பார்த்து 1-க்கு 7 என்று முடிவு செய்தோம். இதில் சுவைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு தலைக்கணக்குக்கும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பத்துப் பேருக்கு இறக்குவதாக இருந்தால் நாங்கள் 1-க்கு 6-ஐயே எடுத்திருப்போம்.

நிறுக்கும் முறை

முதலில் ஃபில்டர் முழுவதையும் தராசின் மேல் ஏற்றி, டேர் அழுத்தி, தூளையும் நீரையும் அங்கேயே நிறுக்கலாம் என்று பார்த்தோம். கணக்குக்கு இது எளிது, கீழ்ப் பாத்திரமும் சேர்ந்தே தராசில் இருப்பதால் சொட்டுவது எதுவும் கணக்கை விட்டு வெளியே போகாது. ஆனால் உயரமான ஃபில்டர் சிறிய தட்டில் ஆடியது. கொதிநீர் ஊற்றும் இடத்தில் ஆட்டம் கூடாது என்று கைவிட்டோம்.

இப்போது மேல் பாத்திரத்தை மட்டும் தராசில் வைத்து டேர் அழுத்தித் தூள் 200 கிராம் போடுகிறோம். லேசாகக் குலுக்கிச் சமன்படுத்திவிட்டு ஃபில்டரில் பொருத்துகிறோம். நீரைத் தனியாகக் கொதிக்கவைத்து மூக்குள்ள ஜக்கில் நிரப்பி, தராசின் மேல் ஒரு பலகைத் துண்டு வைத்து அதன் மேல் ஜக்கை வைக்கிறோம். சூடு தராசுக்குள் இறங்கினால் எண் நிலையாக நிற்காமல் ஊர்ந்துகொண்டே போகும், அதற்காகவே பலகை. நிறைந்த ஜக்கோடு டேர் அழுத்தினால் பூஜ்யம் காட்டும். நீரை ஊற்றிவிட்டு ஜக்கைத் திரும்ப வைத்தால் ஊற்றிய அளவு கழித்தல் குறியோடு தெரியும். முதலில் 400 வரை ஊற்றித் தூள் நனைந்து பொங்கி அடங்க ஐந்து நிமிடம் விட்டு, பிறகு எண் 1,400 ஆகும் வரை ஊற்றுகிறோம். மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றினால் மேல் பாத்திரம் கழுத்தைத் தாண்டும்.

நீரை லிட்டர் ஜக்கில் அளந்தால் போதாதா என்று இளையவர் கேட்டார். ஓரளவு போதும். கொதிநிலையை ஒட்டிய நீர் விரிந்திருப்பதால் ஒரு லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ 960 கிராம்தான் இருக்கும். ஒவ்வொரு நாளும் கொதிநீரையே ஜக்கில் அளந்தால் இந்த 4 சதவீதக் குறைவும் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்கும். கிண்ணத்தில் தூள் ஆடிய ஆட்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. தராசு ஒரு வேலைக்குத்தான் கிடைக்கும் என்றால் அதைத் தூளுக்கு வைத்துக்கொண்டு நீரை ஜக்கில் அளக்கலாம் என்பது என் கருத்து.

வீட்டில் ஒருவருக்குக் காபி போடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசு 200 கிராமை நிறுக்கும்போது பிழை பொருட்டல்ல. 15 கிராம் நிறுக்கும்போது அதே அரை கிராம் ஏற்ற இறக்கம் 3 சதவீதமாகிவிடும். சிறிய அளவுக்குப் பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு நல்லது.

தொடர்ந்து நடந்தவை

முதல் இரண்டு வாரங்களில் தூள் 198-க்கும் 203-க்கும் இடையிலும், நீர் 1,395-க்கும் 1,410-க்கும் இடையிலும் நின்றது. டிகாக்ஷன் 965-லிருந்து 990 கிராம். இறங்கிய டிகாக்ஷனின் எடையே ஒரு சோதனையாகப் பயன்படுகிறது. தூளில் 20 கிராம் குறைந்தால் அது பிடித்துவைக்கும் நீரும் குறைந்து டிகாக்ஷன் 40 கிராமுக்கு மேல் கூடும். ஒரு நாள் 1,030 கிராம் என்று குறிப்பு வந்தபோது, தூள் நிறுக்கும்போது யாரோ கூப்பிட்டுப் போய்த் திரும்பி வந்து அரைகுறையாக நிறுத்தது தெரியவந்தது.

ஐந்தாம் நாள் இளையவர் பதறிக்கொண்டு வந்தார். எவ்வளவு தூள் போட்டாலும் தராசு 7-ஐத் தாண்டவில்லை என்றார். துடைக்கும்போது அலகை மாற்றும் பொத்தான் அழுந்தி, கிராமுக்குப் பதிலாக அவுன்ஸ் காட்டிக்கொண்டிருந்தது. 200 கிராம் என்பது ஏறத்தாழ 7 அவுன்ஸ். எண் இவ்வளவு சிறிதாக இருந்ததால் தப்பித்தோம். அந்தப் பொத்தானின் மேல் இப்போது ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறது.

மூன்றாம் வாரம் எடைகள் எல்லாம் சரியாக இருந்தும் காபி நீர்த்து வந்தது. டிகாக்ஷன் 985 கிராம், குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் வழக்கமாக 25 நிமிடம் எடுக்கும் இறக்கம் 12 நிமிடத்தில் முடிந்திருந்தது. புதிய பாக்கெட்டைக் கையில் தேய்த்துப் பார்த்தால் ரவைபோல நெறுநெறுவென்று இருந்தது. கடையில் அரவை இயந்திரத்தைப் பழுது பார்த்தபோது அளவு மாறிவிட்டதாம். துகள் பெரிதாக இருந்தால் நீர் அதனுள் ஊறி வெளியேறும் முன்பே ஓடிவிடும். எடை ஒன்றாக இருந்தாலும் தூளிலிருந்து இறங்குவது குறைந்துவிடும். விகிதத்தால் இதைத் திருத்த முடியாது. தூளைத் திருப்பிக் கொடுத்துப் பழைய பதத்தில் அரைத்து வாங்கினோம். அன்றிலிருந்து தூள், நீர், டிகாக்ஷன் மூன்றின் எடையோடு இறங்கிய நேரத்தையும் எழுதுகிறோம்.

குறிப்பேட்டில் காபி பற்றிய வரிகள் ஆகஸ்டில் இரண்டாகக் குறைந்தன. இரண்டும் சூடு போதவில்லை என்பவை. செலவில் மிச்சம் எதுவுமில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு வாரம் 222, மறு வாரம் 168 என்று போனதன் சராசரி 195. இப்போது 200. மாதக் கணக்கில் தூள் சற்றே கூடத்தான் செலவாகிறது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

தூளை நிறுத்த அன்றே நீரையும் நிறுத்திருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும். விகிதம் இரண்டு எடைகளால் ஆனது என்று தெரிந்திருந்தும் ஒன்றை மட்டும் நிறுத்துவிட்டுக் காரணத்தைப் பிடித்துவிட்டதாக நினைத்தேன். சிக்கரியை மாற்றியது அதைவிடப் பெரிய தவறு. ஒன்று ஆடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றையும் ஆட்டிவிட்டேன்.

சொல்லாமல் நிறுத்ததற்கு அப்போது எனக்கு இருந்த காரணம், தெரிந்தால் கை தானாகத் திருந்திவிடும் என்பது. அந்தக் காரணம் இப்போதும் பொய்யல்ல. ஆனால் மூத்தவரிடம் முதல் நாளே ஏன் கோபுரமாக அள்ளுகிறீர்கள் என்று கேட்டிருந்தால், வறுப்பு மாறிய கதை பத்து நாள் முன்பே கிடைத்திருக்கும். நிறுக்காமலேயே கிடைத்திருக்கும் முதல் தடயம் அதுதான்.

கிண்ணம் இன்னும் டப்பாவுக்குள்தான் கிடக்கிறது, தூளை அள்ளித் தராசில் கொட்டுவதற்காக. அக்டோபரில் ஒரு காலை தராசின் பேட்டரி தீர்ந்துவிட்டது. வேறு பேட்டரி இல்லை. அன்றைக்கு மூத்தவர் கத்தியின் முதுகால் தலைதட்டி 7 கிண்ணம் போட்டார், நீரை ஜக்கில் அளந்து ஊற்றினார். குறை ஏதும் வரவில்லை. அலமாரிக் கதவில் பழைய சீட்டின் இடத்தில் இப்போது அவர் சொல்லி இளையவர் எழுதிய சீட்டு இருக்கிறது: “இந்தத் தூளில் தலைதட்டி 7 கிண்ணம் 196 கிராம்.” கீழே பாக்கெட் உடைத்த தேதி. புதிய பாக்கெட் உடைக்கும்போதெல்லாம் அந்த வரியை அடித்துவிட்டு, கிண்ணத்தை மறுபடி நிறுத்து அடுத்த வரியை எழுதுகிறார்கள். சென்ற முறை வந்த தூளில் அது 203.